ஏரியில் கொட்டும் லாரியும் இரண்டு பக்கக் குறிப்பும்

கேள்வி: சார், வணக்கம். நாங்கள் ஒரு சிறிய தொண்டு அமைப்பு. எங்கள் பேரூராட்சியில் செப்டிக் டேங்க் லாரிகள் ஏரியின் வரத்து வாய்க்காலில் கொட்டுவதைப் பற்றி ஆறு மாதம் வேலை செய்தோம். 400 வீடுகளில் கணக்கெடுத்தோம், லாரிக்காரர்களிடம் பேசினோம், பக்கத்து நகராட்சியின் சுத்திகரிப்பு நிலையத்தையும் போய்ப் பார்த்தோம். மாவட்ட ஆட்சியரைச் சந்தித்தபோது “இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், பார்க்கிறேன்” என்றார். என் வரைவு 11 பக்கம் வந்துவிட்டது, இணைத்திருக்கிறேன். எதை வெட்டுவது? மூன்று வழிகளையும் எழுதி முடிவை அவர்களிடமே விட்டுவிடலாமா, இல்லை இதைச் செய்யுங்கள் என்று ஒன்றைச் சொல்லலாமா? அதிகாரிகளுக்கு நாம் புத்தி சொல்லக் கூடாது என்கிறார் எங்கள் செயலாளர்.

பதில்: வணக்கம் அம்மா. வரைவை இரண்டு முறை படித்தேன். ஊரை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். மேலே “கொள்கைக் குறிப்பு” என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள், அதை எடுத்துவிடுங்கள். நம் அலுவலகங்களில் கொள்கை விளக்கக் குறிப்பு என்றால் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் புத்தகம்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். “செப்டிக் டேங்க் கசடு ஏரியில் கொட்டப்படுவதைத் தடுத்தல் தொடர்பாக” என்று போதும். தபால் பிரிக்கிறவருக்கே எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று தெரிந்துவிடும்.

இப்போது பெரிய சிக்கலுக்கு வருகிறேன். உங்கள் முதல் பக்கம் முழுக்க சுகாதாரம் மனித உரிமை, நீடித்த வளர்ச்சி இலக்கு 6, ஏரிகளின் பாரம்பரியம். இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் “எங்கள் பேரூராட்சியில் கசடு சுத்திகரிப்பு நிலையம் இல்லை என்பதே பிரச்சினை” என்று ஒரு வரி வருகிறது. ஆட்சியர் அந்த வரிக்கு வந்து சேரமாட்டார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், வந்தாலும் அந்த வரி தப்பு. நிலையம் இல்லை என்பது பிரச்சினை இல்லை, அது நீங்கள் மனதில் வைத்திருக்கும் தீர்வு. அதற்கு முன்னால் “இல்லை” என்று சேர்த்துப் பிரச்சினை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இப்படி எழுதினால் பதில் அங்கேயே முடிந்துவிடும்: நிலையம் கட்டு, அவ்வளவுதான். அப்புறம் ஒப்பிடுவதற்கு என்ன மிச்சம்? உங்கள் மூன்று வழிகளும் எட்டாம் பக்கத்தில் ஒப்புக்கு உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. நீங்கள் எழுதிய பிரச்சினை வரியைப் படித்துவிட்டு, இது தீர ஒரே ஒரு வழிதான் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் தீர்வை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். மாறாக, நடப்பதை அப்படியே எழுதினால் பல கதவுகள் திறக்கும். உங்கள் தரவை வைத்தே நான் எழுதிப் பார்த்தேன்:

“பேரூராட்சியில் சுமார் 6,000 வீடுகள் செப்டிக் டேங்கை நம்பி உள்ளன; பாதாள சாக்கடை இல்லை. டேங்குகளைச் சுத்தம் செய்யும் நான்கு தனியார் லாரிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து நடை, அதாவது 20,000 லிட்டர் கசடை ஏரியின் வரத்து வாய்க்காலில் கொட்டுகின்றன. கொட்டும் இடத்திலிருந்து 400 மீட்டரில் பேரூராட்சியின் குடிநீர்க் கிணறு உள்ளது. சட்டப்படி கொட்டுவதற்கு 14 கிலோமீட்டருக்குள் இடம் எதுவும் ஏற்பாடு செய்யப்படவில்லை.”

நான்கு வாக்கியம். யார், எவ்வளவு, எங்கே, யாருக்குக் கேடு, ஏன் நடக்கிறது. “பெருமளவு”, “கடுமையான”, “அதிர்ச்சியூட்டும்” எதுவும் இல்லை; 400 மீட்டர் என்ற எண்ணே போதுமான அளவு பயமுறுத்தும். கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். லாரிக்காரரைத் திருடனாக்காமல் காரணத்தைச் சொல்கிறது. காரணம் சரியாக இருந்தால்தான் பின்னால் வரும் வழிகள் அதோடு பொருந்தும்.

ஆனால் அந்த 20,000 லிட்டர் எங்கிருந்து வந்தது என்று ஆட்சியர் கேட்பார், அல்லது அவர் பொறியாளரைக் கேட்கச் சொல்வார். உங்கள் வரைவிலேயே இரண்டு எண்கள் மோதுகின்றன, நீங்கள் கவனிக்கவில்லை. நான்காம் பக்கத்தில் வீடுகள் சராசரியாக 9 வருஷத்துக்கு ஒரு முறை டேங்கைச் சுத்தம் செய்வதாகச் சொல்கிறீர்கள். 6,000 வீட்டை 9 ஆல் வகுத்தால் வருஷத்துக்கு 667 டேங்க். 300 வேலை நாள் என்று வைத்தால் நாளுக்கு இரண்டு நடைக்குக் கொஞ்சம் மேலே. ஏழாம் பக்கத்தில் லாரிக்காரர்கள் ஐந்து நடை என்கிறார்கள். எது சரி? இரண்டும் சரியாக இருக்கலாம். நீங்கள் கணக்கெடுத்தது வீடுகளை மட்டும். கல்யாண மண்டபம், ஓட்டல், விடுதி, பள்ளிக்கூடம் எல்லாம் வீட்டைவிட அடிக்கடி எடுக்கும். அதோடு அதே லாரிகள் சுற்றுவட்டக் கிராமங்களுக்கும் போகின்றன, இதை ஓட்டுநர் ஒருவர் சொன்னதாக நீங்களே அடிக்குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். லாரிக்காரர்களிடம் இன்னொரு முறை உட்கார்ந்து ஒரு மாத நடைகளைப் பிரித்து வாங்குங்கள்: வீடு எத்தனை, மண்டபம் ஓட்டல் எத்தனை, வெளியூர் எத்தனை. வீடு இரண்டு, மண்டபம் ஓட்டல் ஒன்று, கிராமம் இரண்டு என்று வருவதாக இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். இந்தப் பிரிப்பு வெறும் நேர்த்திக்காகக் கேட்கவில்லை, பணம் யார் தருவது என்ற இடத்தில் இதுதான் நிற்கப் போகிறது.

இன்னொரு எண்ணும் தேவை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை டேங்கைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் அளவு. அந்தக் கணக்கில் 6,000 வீட்டுக்கு வருஷம் 2,000 டேங்க், நாளுக்கு ஏழு நடைக்குக் கொஞ்சம் குறைவு, 27,000 லிட்டர் வரும், அதுவும் வீடுகளிலிருந்து மட்டும். உங்கள் வரைவு இந்த எண்ணைத்தான் எடுத்து நிலையத்தின் அளவாகப் போட்டிருக்கிறது. இன்றைக்கு வீடுகளிலிருந்து வருவது அதில் மூன்றில் ஒரு பங்கு. எழுதப்பட்ட தேவையை வைத்துக் கட்டிவிட்டு லாரி வராமல் காத்துக்கிடப்பது இந்தத் துறையில் நடக்கிற சங்கதிதான். எனவே இன்றைய வரத்து, முறையாக எடுத்தால் வரக்கூடிய வரத்து, இரண்டையும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். படிப்பவர் நீங்கள் மறைக்கவில்லை என்று நம்புவார்.

“கட்டினதிலிருந்து எடுக்கவே இல்லை” என்று சொன்ன வீடுகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நல்ல கண்டுபிடிப்பு அது. அப்படிப்பட்ட வீடுகளில் பலவற்றில் இருப்பது செப்டிக் டேங்கே இல்லை, அடித்தளம் பூசாத குழி. கழிவு நிலத்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் நிறையவே நிறையாது. ஆனால் அது வேறு பிரச்சினை, வேறு தீர்வு, வேறு குறிப்பு. இதில் வைத்தால் ஆட்சியரின் கவனம் இரண்டாகப் பிரியும். எடுத்துத் தனியாக வையுங்கள், தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்தது, இதை யாருக்கு எழுதுகிறீர்கள். வரைவின் மேலே ஆட்சியர், பேரூராட்சிகள் உதவி இயக்குநர், செயல் அலுவலர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று நான்கு பேர். நான்கு பேருக்கு எழுதினால் ஒவ்வொருவரும் மற்ற மூவர் பார்ப்பார்கள் என்று இருப்பார்கள். ஒருவருக்கு எழுதுங்கள், மற்றவர்களுக்கு நகல் போகட்டும். அந்த ஒருவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்றால், நீங்கள் கேட்கும் காரியத்தில் முடிச்சு எங்கே இருக்கிறதோ அதை அவிழ்க்கக்கூடியவராக இருக்க வேண்டும். செயல் அலுவலர் தன் ஊரில் லாரியைப் பிடிக்கலாம், ஆனால் பக்கத்து நகராட்சியைப் பார்த்து “எங்கள் கசடை எடுத்துக்கொள்” என்று சொல்ல முடியாது. பேரூராட்சி ஒரு இயக்குநரகத்தின் கீழ், நகராட்சி இன்னொரு இயக்குநரகத்தின் கீழ். இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கக்கூடியவர் மாவட்டத்தில் ஆட்சியர்தான். அவரே கேட்டிருக்கிறார் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

சரி, வழிகள். நீங்கள் எழுதியிருப்பது: ஊர் முழுக்கப் பாதாள சாக்கடை, சொந்தமாகக் கசடு நிலையம், நகராட்சி நிலையத்துக்குக் கொண்டுபோவது. பாதாள சாக்கடையை எதற்குப் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அது வராது, பல கோடி ஆகும், அதைப் பக்கத்தில் நிறுத்தினால் மற்றது மலிவாகத் தெரியும். அதிகாரிகள் இந்த வித்தையை வாரத்துக்கு ஒரு முறை பார்ப்பவர்கள். தோற்பதற்கென்றே நிறுத்திய வேட்பாளரைக் கண்டதும் உங்கள் மொத்த ஒப்பீட்டின் மேலும் சந்தேகம் வரும். அதை ஒரே வாக்கியத்தில் காரணம் சொல்லி விலக்கிவிட்டு, நீங்கள் எழுத மறந்த ஒன்றைச் சேருங்கள்: இப்போது இருக்கும்படியே விட்டு அபராதத்தை மட்டும் கடுமையாக்குவது. ஒன்றும் செய்யாவிட்டால் நடப்பது இதுதான். ஒரு புகார் பெரிதானால் நாளைக் காலையே எடுக்கப்படும் முடிவும் இதுதான். எனவே அது உண்மையான போட்டியாளர், அதோடு மோதித்தான் உங்கள் பரிந்துரை ஜெயிக்க வேண்டும்.

ஒப்பீட்டுக்கு நீங்கள் போட்ட மதிப்பெண் அட்டவணையை எடுத்துவிடுங்கள். சுற்றுச்சூழலுக்கு 5க்கு 4, செலவுக்கு 5க்கு 3, சமூக ஏற்புக்கு 5க்கு 3.5. அந்த அரை மார்க் எங்கிருந்து வந்தது? யாராவது கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. அட்டவணை இருக்கட்டும், ஆனால் கட்டங்களில் எண்ணுக்குப் பதில் சங்கதியை எழுதுங்கள். எத்தனை மாதத்தில் முதல் லாரி கொட்ட ஆரம்பிக்கும், நிலம் எது, கட்டும் செலவு, வருஷாவருஷம் ஓட்டும் செலவும் அதை யார் தருவதும், லாரிக்காரருக்கு ஒரு நடைக்கு எவ்வளவு கூடும், எது கெடலாம். கேள்விகளை முதலில் எழுதி முடித்துவிட்டு, அப்புறம் வழிகளை எடுத்துக்கொள்ளுங்கள். வழிகளை மனதில் வைத்துக்கொண்டு கேள்விகளை எழுதினால் பிடித்த வழிக்கு வசதியான கேள்விகள்தான் வரும். உங்கள் வரைவில் லாரிக்காரருக்குக் கூடும் செலவு என்ற கட்டமே இல்லை. இந்த விவகாரத்தில் மொத்தக் கூத்தும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

பாருங்கள். ஏரி 3 கிலோமீட்டர், நகராட்சி நிலையம் 14 கிலோமீட்டர். போக வர 22 கிலோமீட்டர் கூடுதல். லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் என்றால் ஐந்தரை லிட்டர் டீசல், கிட்டத்தட்ட 500 ரூபாய். ஒரு வீட்டில் வாங்குவது 1,500 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்றில் ஒரு பங்கை டீசலுக்கு விட்டுக்கொடுத்து, ஒரு மணி நேரமும் இழந்து, அவர் ஏன் 14 கிலோமீட்டர் போக வேண்டும்? அபராதம் மட்டும் போட்டால் பகலில் கொட்டுபவர் இரவு இரண்டு மணிக்குக் கொட்டுவார், அவ்வளவுதான் மாறும். எனவே அபராத வழியின் கட்டத்தில் “கொட்டுவதற்கு வேறு இடம் இல்லாததால் கொட்டும் நேரமும் இடமும் மட்டும் மாறும்” என்று எழுதலாம். இது கருத்து இல்லை, உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து வருவது.

சொந்த நிலையத்தின் கட்டத்தில் நிலம்தான் முதல் கேள்வி. நீங்கள் காட்டியிருக்கும் இடத்தின் வகைப்பாட்டைக் கிராமக் கணக்கில் பார்த்தீர்களா? ஏரியை ஒட்டி என்கிறீர்கள். நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் அந்த வழி அங்கேயே முடிந்தது, உயர் நீதிமன்றம்வரை இழுக்கும். வேறு இடம் என்றால் அந்தத் தெருக்காரர்களிடம் பேச வேண்டும், வாரியத்தின் இசைவு வாங்க வேண்டும், மதிப்பீடு, நிர்வாக அனுமதி, ஒப்பந்தப்புள்ளி என்று இரண்டு வருஷத்துக்குக் குறையாது என்று நான் நினைக்கிறேன். நிலையம் ஊருக்குப் பக்கத்தில் வரும், லாரிக்காரருக்கு வசதி, இதையும் நேர்மையாக எழுதுங்கள். பிடிக்காத வழிக்குள்ள நல்ல குணத்தை நீங்களே சொல்லிவிட்டால் அதை வைத்து உங்களை மடக்க ஆள் இருக்காது.

இப்போது நகராட்சி நிலையம். பொறியாளர் உங்களிடம் சொன்னது: நாளுக்கு 80 லட்சம் லிட்டருக்குக் கட்டியது, வருவது 50 லட்சம். வீட்டு இணைப்பு முழுசாக வராததால் இப்படிக் காலியாகக் கிடக்கும் நிலையங்கள் நிறைய. நீங்கள் உடனே “20,000 லிட்டர் என்பது 50 லட்சத்தில் 0.4 சதவீதம்தான், எனவே எந்தப் பாதிப்பும் இல்லை” என்று எழுதிவிட்டீர்கள். இந்த ஒரு வரிக்காகவே நகராட்சிப் பொறியாளர் உங்கள் குறிப்பை ஓரம் தள்ளிவிடுவார், அம்மா. கசடு என்பது சாக்கடைத் தண்ணீர் இல்லை. வருஷக்கணக்காக அடியில் படிந்து கெட்டியானது, பல மடங்கு வீரியம். இருபது மடங்கு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், அப்புறம் மூன்று நான்கு லாரிகளிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கொடுத்து உங்கள் ஊர் எண்ணைப் போடுங்கள். இருபது மடங்கில் 20,000 லிட்டர் கசடு 4 லட்சம் லிட்டர் சாக்கடைக்குச் சமம். வருகிற 50 லட்சத்தில் 8 சதவீதம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எல்லா வீடும் எடுக்க ஆரம்பித்தால் மண்டபமும் கிராமமும் சேர்ந்து 39,000 லிட்டர் ஆகும், அது 8 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் 58 லட்சம். கட்டிய அளவு 80. தாங்கும்.

ஆனால் ஒரு நாள் முழுக்கப் பரவலாக வந்தால்தான் தாங்கும். லாரி அப்படி வராது. ஒரு லாரி 4,000 லிட்டரைப் பத்து நிமிஷத்தில் இறக்கும், அது 80,000 லிட்டர் சாக்கடைக்குச் சமம். அந்தப் பத்து நிமிஷத்தில் நிலையத்துக்கு வழக்கமாக வருவதே 35,000 லிட்டர்தான். திடீரென்று சுமை மூன்று மடங்குக்கு மேல் ஏறும், காலையில் மூன்று லாரி வரிசையாக நின்றால் கேட்கவே வேண்டாம். அதனால் லாரி நேராக நிலையத்துக்குள் கொட்டக் கூடாது. முன்னால் ஒரு இறக்கும் தொட்டி, குப்பையும் துணியும் மண்ணும் தடுக்க வலை, அதிலிருந்து மெதுவாக நாள் முழுக்க உள்ளே விட ஒரு பம்ப். இந்தத் தொட்டிதான் உங்கள் திட்டத்தில் புதிதாகக் கட்டவேண்டிய ஒரே பொருள், இதன் செலவுதான் உங்கள் முதலீட்டு எண். வரைவில் இது இல்லவே இல்லை. நகராட்சிப் பொறியாளரிடமே மதிப்பீடு கேளுங்கள். எண்ணும் கிடைக்கும், அவரும் உங்கள் ஆளாவார்.

இப்போது உங்கள் செயலாளர் கேள்விக்கு வருகிறேன். பணியில் இருந்தபோது நானும் இப்படி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். மூன்று வழி, மூன்றுக்கும் சாதக பாதகம், கடைசியில் “மேற்கண்டவற்றைப் பரிசீலிக்கலாம்”, அப்புறம் வழக்கமான “ஆணைக்காகப் பணிந்தனுப்பப்படுகிறது”. கோப்பு நான்கு மாதம் கழித்து ஓரத்தில் ஒரே வார்த்தையோடு திரும்பி வந்தது: “பேசவும்”. பேசப் போனபோது மேலதிகாரி மாறிவிட்டிருந்தார். எந்த வழி நல்லது என்று எனக்கு நன்றாகத் தெரியும், எழுதினால் பொறுப்பாகிவிடுமே என்று எழுதவில்லை. அவருக்கும் அதே பயம்தான் இருந்திருக்கும், அவர் ஏன் எனக்காகத் துணிய வேண்டும்? ஒன்றைப் பரிந்துரைப்பது உத்தரவு போடுவது ஆகாது. ஒப்பீடு அங்கேயே இருக்கிறது, அவர் உங்களோடு ஒத்துப்போகாவிட்டால் இரண்டாவதை எடுத்துக்கொள்ளட்டும். ஆறு மாதம் இதிலேயே கிடந்த நீங்கள் சொல்லாவிட்டால், பத்து நிமிஷம் படித்தவர் எதை வைத்துச் சொல்வார்?

ஆனால் பரிந்துரை “நகராட்சி நிலையத்தில் கொட்ட ஆவன செய்ய வேண்டும்” என்று இருக்கக் கூடாது. யார், என்ன, எதற்குள், எந்தப் பணத்தில். நான் இப்படி எழுதுவேன்:

“நகராட்சியின் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கும் தொட்டி அமைத்து, பேரூராட்சியின் கசடை அங்கே ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைப் பரிந்துரைக்கிறோம். இதற்கு நகராட்சி ஆணையர், பேரூராட்சிச் செயல் அலுவலர், உதவி இயக்குநர் ஆகியோரை மாவட்ட ஆட்சியர் ஒரு மாதத்துக்குள் கூட்டி, இரு மன்றங்களின் தீர்மானத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் அறிவுறுத்த வேண்டும். நிலையத்தில் தரப்படும் ரசீதைக் காட்டும் உரிமம் பெற்ற லாரிக்கு, பேரூராட்சி எல்லைக்குள் எடுத்த ஒவ்வொரு நடைக்கும் ரூ.500 பேரூராட்சி வழங்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் ரூ.4.5 லட்சம் ஆகும். தொட்டி இயங்கத் தொடங்கிய நாளிலிருந்து வாய்க்காலில் கொட்டும் லாரியின் உரிமம் ரத்து செய்யப்பட வேண்டும்.”

4.5 லட்சம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஊருக்குள் நாளுக்கு மூன்று நடை, 300 நாள், 900 நடை, நடைக்கு 500. மேலே லாரிக்காரர் கணக்கைப் பிரித்து வாங்கச் சொன்னது இதற்காகத்தான். ஐந்து நடைக்கும் பேரூராட்சி பணம் கொடுத்தால் கிராமங்களின் கசடுக்கு ஊர் வரிப்பணம் போகிறது என்று மன்றத்தில் யாராவது நிச்சயம் எழுந்து கேட்பார். அதேசமயம் அந்த இரண்டு நடையையும் நிலையத்தில் ஏற்றுக்கொள்ளாவிட்டால் அவை பழையபடி வாய்க்காலுக்குத்தான் போகும். ஏற்றுக்கொள்வோம், பணம் தரமாட்டோம், கிராமங்களுக்கு ஊரக வளர்ச்சித் துறையோடு தனியாகப் பேச வேண்டும் என்று ஒரு வாக்கியம் எழுதிவிடுங்கள். அந்த இரண்டு நடையில் கொஞ்சம் ஏரிக்கே போகக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள். இந்தத் திட்டம் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று எழுதினால் யாரும் நம்பப்போவதில்லை.

பரிந்துரைக்குக் கீழே, எப்போது இது செல்லாது என்று இரண்டு வரி. ஆய்வக முடிவு இருபது மடங்கைவிட மிக அதிகமாக வந்தால் கணக்கை மறுபடி போட வேண்டும். நகராட்சியில் வீட்டு இணைப்புகள் கூடி வரத்து 70 லட்சத்தைத் தொட்டால், சுற்றியுள்ள ஊர்கள் சேர்ந்து ஒரு பொதுக் கசடு நிலையத்துக்கு அப்போதே நிலம் தேட ஆரம்பிக்க வேண்டும். இதை எழுதினால் பரிந்துரை பலவீனமாகிவிடும் என்று பயப்படாதீர்கள். கையெழுத்துப் போடுபவருக்கு, நாளைக்கு நிலைமை மாறினால் என்ன என்பதுதான் தயக்கமே.

“வேறு எங்கே செய்திருக்கிறார்கள்?” என்ற கேள்வி கட்டாயம் வரும், அதற்கும் ஒரு வரி வையுங்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் கருங்குழிப் பேரூராட்சியில் இருக்கும் கசடு நிலையம் பக்கத்து மதுராந்தகம் நகராட்சிக்கும் சேர்த்துத்தான். ஒரு உள்ளாட்சியின் கசடை இன்னொரு உள்ளாட்சி எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டில் புதிதில்லை என்பதற்கு அது போதும். உங்களுடையது தனி நிலையம் இல்லை, சாக்கடை நிலையத்தோடு சேர்ப்பது என்ற வித்தியாசத்தையும் அதே வரியில் சொல்லிவிடுங்கள். சட்டப் பக்கத்துக்கு, கசடு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை மாநில அரசு 2014-லேயே வெளியிட்டது, லாரிகளுக்கு உரிமம் தேவை என்ற விதியும் பின்னால் வந்தது. உங்கள் மூன்று பக்கச் சட்ட வரலாற்றில் இந்த அளவு மட்டும் மிச்சம் வைத்தால் போதும்.

நீங்கள் கொடுக்கும் தாள் ஆட்சியர் மேஜையில் இருக்கப்போவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது நடப்புக் கோப்பில் ஏதோ ஒரு பக்க எண்ணோடு போய் உட்காரும். பிரிவு எழுத்தர் அதைச் சுருக்கிக் குறிப்புக் கோப்பில் எழுதுவார், மேலே போவது அந்தச் சுருக்கம்தான். அவருக்கு இதைப் போல நாற்பது கோப்பு. அப்படியே எடுத்து எழுதக்கூடிய நான்கு வாக்கியப் பிரச்சினையும் ஐந்து வாக்கியப் பரிந்துரையும் உங்கள் தாளில் இருந்தால் அவர் அதையே எழுதிவிடுவார். இல்லாவிட்டால் அவருக்குப் புரிந்ததை எழுதுவார், “தொண்டு நிறுவனத்தினர் கசடு நிலையம் கோருகின்றனர்” என்று. அதனால் பிரச்சினை முதல் பத்தி, அதற்கு அடுத்து உடனே பரிந்துரை, அப்புறம்தான் ஒப்பீட்டு அட்டவணை, கடைசியில் செல்லாத நிலைமையும் முன்னுதாரணமும். பரிந்துரையைக் கடைசிப் பக்கம்வரை ஒளித்து வைக்க இது துப்பறியும் கதை இல்லை. கணக்கெடுப்பு, படங்கள், ஆய்வக முடிவு எல்லாம் இணைப்பாகப் போகட்டும், 11 பக்கமானாலும் பரவாயில்லை, அதை யாராவது கேட்டால் எடுத்துப் பார்ப்பார்கள்.

கொடுப்பதற்கு முன்னால் நகராட்சிப் பொறியாளரிடமும் செயல் அலுவலரிடமும் வரைவைக் காட்டிவிடுங்கள். ஆட்சியர் கூட்டும் கூட்டத்தில் அவர்கள் அதை முதல் முறையாகப் பார்த்தால் முதல் வேலையாகத் தப்புத்தான் தேடுவார்கள், நானும் அந்த நாற்காலியில் இருந்து அதைத்தான் செய்திருக்கிறேன். அப்புறம் அந்த லாரி நடைக் கணக்கு, கோடையில் எடுத்தீர்களா மழைக்காலத்தில் எடுத்தீர்களா என்று வரைவில் எங்கேயும் இல்லை. மழை பெய்தால் டேங்க் நிரம்பி வழிந்து நடை கூடும். எந்த மாதம் என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.